ஆறு வியாழன், ஒரு பக்கம்

வியாழக்கிழமை காலை ஆபீஸ் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். போன் அடித்தது. எங்கள் நிறுவனத்தின் தலைவர்.

"பாப்பா, மெஷின் எங்க இறங்கியிருக்குது தெரியுமா?"

"ஷெட்லதானங்க ஐயா?"

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் போனது கேட்டது.

"ஓ, உனக்கும் தெரியுமா. குடோன்ல காலையிலேருந்து ஆள வெச்சிக்கினு உக்காந்திருக்கேன் நானு. மினி லாரி என் கண்ணு முன்னாலயே நேராப் போவுது. கேட்டா, நம்ம கள அலுவலர் அம்மா ஷெட்டுக்குக் கொண்டாரச் சொல்லுச்சுங்கறான். யாரு சொன்னது அந்தம்மாவுக்கு? நாலு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள நீ ஒரு பேப்பர் போடு. இந்த மெஷின் விஷயம் எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுது, யாரு என்ன சொன்னாங்க, எல்லாம். அந்தம்மா தானா முடிவு பண்ணியிருந்தா, இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்."

வைத்துவிட்டார். ஷட்டர் அப்படியே பாதியில் நின்றது.

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் எழுதி வைத்த பக்கம் பேசும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தவள் நான்.

நாங்கள் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சேர்ந்து நடத்துவது. மல்லாட்டைதான் முக்கியம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குடோன் கீழ்பென்னாத்தூரில், ஆபீஸ் திருவண்ணாமலை டவுனில், ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில். வாராவாரம் வியாழக்கிழமை இயக்குநர்கள் பஸ் ஏறி ஆபீசுக்கு வருவார்கள். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். கூட்டத்தில் எனக்கு இடமில்லை. மேஜை நடுவில் ஆபீஸ் போனைப் பதிவில் போட்டு வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளி அறையில் புது உறுப்பினர்களின் ஆதாரையும் பட்டா நகலையும் ஏற்றுவது என் வேலை.

பதிவு செய்யும் பழக்கம் ஒரு சண்டையிலிருந்து வந்தது. முன்பெல்லாம் தீர்மானப் புத்தகத்தை மறுவாரம் யாராவது நினைவிலிருந்து எழுதுவார்களாம். "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்று ஒரு இயக்குநர் புத்தகத்தைத் தூக்கி எறிந்த பிறகுதான் பதிவு. நான் வந்ததும் அடுத்த படிக்குப் போனேன். பதிவைச் செயலியில் போட்டு எழுத்தாக எடுத்தேன். ஒவ்வொரு எழுத்துப்படியும் இருபது பக்கம் வரும். யார் படிப்பார்கள்? அதனால் இந்த மல்லாட்டை உடைக்கும் மெஷின் விஷயத்துக்கு மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். சுருக்கித் தரும் இன்னொரு செயலியில் போன வாரத்துப் பக்கத்தையும் இந்த வாரத்து எழுத்துப்படியையும் கொடுப்பேன். மாறியதை மாற்றி, மாறாததை வைத்து, புதுப் பக்கம் வரும். ஐந்து நிமிடம். மேலே கொட்டை எழுத்தில் 'இப்போதைய நிலை' என்று ஒரு வரி. அதை நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்.

குழுவில் ஏழு இயக்குநர்கள் இருந்தார்கள். படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவது ஒரே ஆள், கள அலுவலர் அக்கா. அவர் இயக்குநர் இல்லை. பதினோரு வருடம் மகளிர் குழுத் தலைவியாக இருந்து, பிறகு இந்த வேலைக்கு வந்தவர். ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றுவார். கூட்டத்துக்குள் உட்கார அவருக்கு அனுமதி உண்டு, ஓட்டு கிடையாது.

ஒன்பதரைக்கு அக்காவே வந்துவிட்டார். முந்தானையெல்லாம் செம்மண் தூசி.

"இன்னாடி சொன்னாரு?"

சொன்னேன்.

"தானா முடிவு பண்ணனா? நானா?" ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. "நீ போட்ட பேப்பர்ல இருக்குதுல்ல, ஷெட்டுன்னு? த்ரீ பேஸ் கரண்ட் லைன் வந்தா ஷெட்டுன்னு? திங்கக்கெழமை லைன் வந்துடுச்சு. நான் என் கண்ணால பாத்தேன். அப்புறம்தான் லாரிக்காரனுக்குச் சொன்னேன். அந்தப் பேப்பர எடுத்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டு. முடிஞ்சுது கத."

"நீட்டிடலாம்க்கா. நீங்க கவலையே படாதீங்க."

"கவலையா? மூத்தவளுக்கு நர்சிங் மூணாம் வருஷம். சின்னது பிளஸ் டூ. இந்த வேலைய உட்டா எனக்கு வேற இன்னா இருக்குது சொல்லு." பேனாக்களைப் பொறுக்கி ஸ்டாண்டில் வைத்தார். "அந்தப் பொம்பளைங்க மெஷினுக்குக் குங்குமமே வெச்சிட்டாங்கடி. நான் போய் இப்ப எடுத்துக்கினு வரணுமா?"

ஷெட் இருந்தது கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊரில். அங்கே ஒரு மகளிர் குழு மல்லாட்டையைக் கையாலேயே உடைத்துக்கொண்டிருந்தது. மெஷின் குடோனில் இருந்தால் அவர்கள் மூட்டையை ஆட்டோ பிடித்து எடுத்துப் போக வேண்டும். அங்கேயே இருந்தால் வேண்டாம். விஷயம் அவ்வளவுதான்.

இருந்த பக்கத்தை அப்படியே அச்செடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் தலைவர் கேட்டது 'எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுது'. என் பக்கத்தில் முடிவு இருந்தது. ஆரம்பம் இல்லை. வாராவாரம் புதுப்பித்துப் புதுப்பித்து, பழைய நிலைகளெல்லாம் ஒரு வரியாக, அரை வரியாகத் தேய்ந்து, முதல் இரண்டு வாரம் காணாமலே போயிருந்தது. சரி, அழகாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய பக்கத்தைத் தொடாமல் முதல் வார எழுத்துப்படியிலிருந்து நானே படித்து வரலாம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பதிவு: கூட்டம் என்றைக்கு, எங்கே, யார் இருந்தார்கள், மெஷின் பற்றி என்ன நிலை, போன வாரத்திலிருந்து என்ன மாறியது, ஏன், பதிவில் எத்தனையாவது நிமிடம். முந்தையதை அழிக்கக் கூடாது. கீழே கீழே சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

படிக்க ஆரம்பித்ததும் முதல் எரிச்சல். செயலி ஆட்களைப் 'பேசுபவர் 1', 'பேசுபவர் 2' என்றுதான் பிரிக்கும். முதல் வாரம் பேசுபவர் 1 தலைவர். இரண்டாம் வாரம் பேசுபவர் 1 பாய். பாய் என்பது எங்கள் இயக்குநர்களில் ஒருவர், நிலமும் உண்டு, மல்லாட்டை மண்டியும் உண்டு. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்தான் 1. ஆகவே ஹெட்போனை மாட்டி, முக்கியமான இடங்களையெல்லாம் காதால் கேட்டுப் பெயர் போட்டேன்.

முதல் வாரம்: மெஷின் அனுமதியாகிவிட்டது என்று தலைவர் சொல்கிறார். குடோனில் வைக்கலாம் என்கிறார். யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 'யோசனை மட்டும்' என்று எழுதினேன்.

இரண்டாம் வாரம்: குடோன். எல்லாரும் ஒப்புதல். காரணம், அங்கே த்ரீ பேஸ் கரண்ட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். 'முடிவு.'

மூன்றாம் வாரம்: அக்கா ஷெட்டைப் பற்றிப் பேசுகிறார். பாய், "அதுவும் ஞாயம்தான், ஆட்டோ வாடகை ஜாஸ்தி" என்கிறார். தலைவர், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார். 'முடிவு மறுபடி திறக்கப்பட்டது. மாறவில்லை' என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. பேச்சு வேறு, முடிவு வேறு என்று பிரித்திருந்தேன் அல்லவா.

பதினொன்றரைக்கு நான்காவது கோப்பைத் திறந்தேன். ஆபீஸில் நடந்த கூட்டம். அக்கா அன்று இல்லை, வேலூரில் பயிற்சி. பாய் சொல்கிறார்:

"போய் கேட்டுட்டேன் தலைவரே. த்ரீ பேஸ் அந்த ஊருக்கு மல்லாட்டை புடுங்கறதுக்குள்ள வராதுன்னுட்டாங்க. போஸ்ட்டே வரலையாம்."

தலைவர்: "அப்ப வேணாம். குடோன்லயே வெச்சிடலாம். எழுதிக்கோங்க."

மற்றவர்கள் "ஆவட்டும், ஆவட்டும்" என்றார்கள். தெளிவான முடிவு. குடோன்.

இது எனக்கு நினைவிருந்தது. இதற்கு அடுத்த கோப்பில் முடிவு ஷெட்டுக்குத் திரும்பும். ஐந்தாவதைத் திறந்தேன். கோழி கூவியது. யாரோ சாக்கை இழுத்தார்கள்.

தலைவர்: "சரிம்மா, அவ்ளோ கேக்கறீங்க. த்ரீ பேஸ் வந்துடுச்சின்னா ஷெட்லயே வெச்சிடுவோம். பாய், நீங்க கரண்ட் ஆபீசுக்கு ஒரு நட போய் எப்ப வரும்னு கேட்டுட்டு வந்துடுங்க."

பாய்: "நாளைக்குப் போவ முடியாது தலைவரே. கிரிவலக் கூட்டம் கலைஞ்சாதான் டவுனுக்குள்ள வண்டி போவும். சனிக்கெழம போறேன்."

ஹெட்போனைக் கழற்றினேன்.

நான்காவது கோப்பில் பாய் போய்க் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறார். ஐந்தாவது கோப்பில் 'போய்க் கேளுங்க' என்கிறார்கள். பதில் முதலில். கேள்வி பின்னால்.

மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இடத்தை இரண்டு முறை கேட்டேன். கோழி அதே இடத்தில் கூவியது.

அது பௌர்ணமி வியாழக்கிழமை. அன்றைக்கு எங்கள் இயக்குநர்கள் யாரும் டவுனுக்குள் வரமாட்டார்கள். வெளியூர் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஆபீசுக்கு நடந்து வர வேண்டும், லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவே. அதனால் பௌர்ணமி வியாழனோடு சேர்ந்தால் கூட்டம் கீழ்பென்னாத்தூர் குடோனில். ஆபீஸ் போன் இங்கே என்னிடம் இருக்கும். அங்கே தலைவரின் போனில்தான் பதிவு. எனக்கு அனுப்பத் தெரியாமல் அவர் அதை அப்படியே வைத்திருந்து, அவருடைய மகள் ஊரிலிருந்து வந்த பிறகு, ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். அதற்குள் அடுத்த வியாழன் வந்து, கூட்டம் முடிந்து, நான் அதைப் பக்கத்தில் ஏற்றியும் முடித்திருந்தேன். கோப்பின் பெயரில் இருந்த தேதி என் போனுக்கு வந்து சேர்ந்த தேதி. கூட்டம் நடந்த தேதி இல்லை.

என் கைக்குக் கடைசியாக வந்ததை, கடைசியாக நடந்ததாக எடுத்துக்கொண்டேன். பழைய பக்கம், புதிய பதிவு, ஐந்து நிமிடம். செயலிமேல் தப்பே இல்லை. நான் கொடுத்த வரிசையில் படித்தது. குடோன் என்ற முடிவை அழித்து, 'இப்போதைய நிலை: ஷெட், த்ரீ பேஸ் வந்தால்' என்று மேலே போட்டது. வேலூரிலிருந்து திரும்பிய அக்கா படித்தது அதைத்தான். கட்டைவிரல் உயர்த்தினார்.

ஆறாவது கோப்பைத் திறந்தேன். யாராவது இதைப் பேசியிருக்க மாட்டார்களா, யாராவது திருத்தியிருக்க மாட்டார்களா என்று. விதை, உரம், உறுப்பினர் சந்தா. கடைசியில் இரண்டே வரி.

அக்கா: "தலைவரே, அந்த மெஷின் விஷயம் அப்படியேதானே?"

தலைவர்: "அதான் பேசியாச்சேம்மா. அடுத்தத சொல்லு."

தலைவர் மனதில் குடோன். அக்கா மனதில் என் பக்கம்.

மணி பன்னிரண்டே கால். ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. எதிர்க் கடையில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். நான் நாற்காலியில் அசையாமல் இருந்தேன். இருபத்து மூன்று வயதில், இத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பக்கத்தையே நீட்டினால் அக்கா தப்பிப்பார். நானும் தப்பிப்பேன். தலைவர் தான் சொன்னதையே மறந்தவராகிவிடுவார். சரியான வரிசையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டால், கடைசி முடிவு குடோன், அக்கா மீறினார், அக்கா போய்விடுவார், நான் தப்பிப்பேன். அக்காமேல் தப்பில்லை என்று காட்ட ஒரே வழி, அவரைத் தவறாக நம்ப வைத்தது எது என்று எழுதுவது. அது நான்.

இரண்டு மணிக்குத் தலைவர் வந்தார், மற்றவர்களுக்கு முன்னால். தண்ணீர் குடித்தார். தோள் துண்டால் முகம் துடைத்தார்.

"ஆச்சா பாப்பா?"

"ஆவுதுங்க ஐயா."

"ரொம்ப நீட்டாத. குடோன்னு தீர்மானம் ஆச்சு. அது ஒண்ண மட்டும் போட்டு, தேதி போட்டு, கொடு. மத்த பேச்செல்லாம் எதுக்கு?"

"ஐயா, நடுவுல நீங்க ஷெட்டுன்னும் சொல்லியிருக்கீங்க. பௌர்ணமி அன்னைக்கு."

"சொல்லியிருப்பேன். ஆயிரம் சொல்வேன். கடைசியா இன்னா சொன்னேன்? அத போடு."

அவர் சொன்னது ஒருவகையில் சரிதான், அதுதான் தொல்லை. கடைசியாகச் சொன்னதுதான் முடிவு. ஆனால் அதை மட்டும் போட்டால் அக்காவுக்கு வேலை இல்லை.

மூன்று மணிக்கு அக்கா வெளி அறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். திரையைப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

"பிரிண்ட் எடுத்துட்டியா?"

"அக்கா, ஒரு விஷயம்..."

"ஏண்டி மூஞ்சி இப்படி இருக்குது?"

சொல்லிவிட்டேன். பௌர்ணமி, ஒன்பது நாள், வரிசை எல்லாம். சொல்லி முடித்ததும் அக்கா சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நெஜமாவே குடோனா?"

"ஆமாங்க்கா. நீங்க வேலூர் போயிருந்தப்ப."

"நான் ரோட்ல நின்னு லாரிக்காரன்கிட்ட சண்ட போட்டு அனுப்பினேன்டி. 'பேப்பர்லயே இருக்குதுய்யா, படிச்சவ போட்டது'ன்னு சொன்னேன்."

நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இத உள்ள சொல்லுவியா?"

"எழுதிட்டேன்க்கா. கடைசி பத்தியில."

"பத்திய யாரு படிக்கப் போறா இங்க? வாயால சொல்லு."

நாலு மணிக்கு முதல் முறையாக என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஏழு இயக்குநர்கள், அக்கா, நான். நாற்காலி போதாமல் நான் நின்றேன். பதிவுக்குப் போனை மேஜைமேல் வைத்தேன். இந்த முறை கை அதன்மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"படி" என்றார் தலைவர்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். யோசனை. முடிவு, குடோன். மறுபடி திறந்தது. பௌர்ணமி வியாழன், இடம் கீழ்பென்னாத்தூர் குடோன்: த்ரீ பேஸ் வந்தால் ஷெட், பாய் போய்க் கேட்டு வர வேண்டும். அடுத்த வியாழன், ஆபீஸ்: அறுவடைக்குள் லைன் வராது என்று பாய் சொன்னார், அந்தக் காரணத்தால் குடோன், கள அலுவலர் அன்று வரவில்லை. ஆறாவது வாரம்: புதிதாக எதுவும் தீர்மானிக்கவில்லை, அப்படியேதானே என்று கேட்டார், பேசியாச்சே என்றார், இடத்தின் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

தலைவர் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா? குடோன். நான் சொன்னேன்ல."

"ஐயா, இன்னும் இருக்குதுங்க." கடைசி பத்திக்கு வந்தேன். "வாட்ஸ்அப்ல நான் போட்ட பக்கத்துல கடைசி நிலைன்னு ஷெட்டுதான் இருந்துச்சு. அது என் தப்பு. பௌர்ணமி கூட்டத்தோட ஆடியோ எனக்கு ஒன்பது நாள் லேட்டா வந்துச்சு. வந்த தேதிய வெச்சி வரிசை போட்டுட்டேன். நடந்த தேதிய பாக்கல. அக்கா அந்தப் பக்கத்ததான் பாத்தாங்க. அதுல இருந்தபடியேதான் செஞ்சாங்க. லைன் வர்ற வரைக்கும் காத்திருந்து செஞ்சாங்க."

தலைவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டார்.

"அப்ப தப்பு அந்தம்மா மேல இல்ல. உம்மேல" என்றார் தலைவர்.

"ஆமாங்க ஐயா."

"படிச்ச புள்ளன்னு நெனச்சோம்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவரே, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அந்த ஆடியோ யாரு போன்ல இருந்துச்சு ஒன்பது நாளு?"

தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்த போனைப் பார்த்தார். யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார்.

"எனக்கு அனுப்பத் தெரியாதுன்னு தெரியும்ல எல்லாருக்கும்" என்றார் தலைவர், கொஞ்சம் இறங்கிய குரலில். "குரூப்ல பேப்பர் வந்துச்சே, நீங்க படிச்சீங்களா பாய்?"

"எங்க படிக்கறது. அவ்ளோ சின்ன எழுத்து."

"யாருமே படிக்கல. படிச்ச ஒரு ஆளையும் நான் வூட்டுக்கு அனுப்பப் பாத்தேன்." துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "ஏம்மா, நீ வேலையப் பாரு. அத பத்தி இனிமே பேச்சு இல்ல."

அக்கா தலையாட்டினார். புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார், அதை விடவில்லை.

"மெஷின் இன்னா பண்றது?" என்றார் ஒருவர்.

பாய் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். "பாப்பா, அந்த அஞ்சாவத திரும்பப் படி. எதனால குடோன்னு சொன்னோம்?"

படித்தேன்.

"லைன் வராதுன்னுதானே. இப்ப வந்துடுச்சே. காரணமே போச்சு."

"காரணம் போச்சுன்னா முடிவும் தானா போயிடுமா?" என்றார் தலைவர். "நாம போகச் சொன்னாதான் போவும். இப்ப பேசுவோம்." அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் பாதியாகிவிட்டது. என் செயலிக்கும் எனக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அரை மணி நேரம் பேசினார்கள். இராத்திரி காவலுக்கு யார், பூட்டுச் சாவி யாரிடம், மற்ற ஊர்க்காரர்கள் மூட்டை கொண்டு வந்தால் எந்த நாள். கடைசியில் இந்தப் போகத்துக்கு ஷெட்டிலேயே இருக்கட்டும், போகம் முடிந்ததும் மறுபடி பார்ப்பது என்று கையைத் தூக்கினார்கள். நான் ஏழாவது பதிவை அங்கேயே, நின்றபடியே, எழுதினேன். தேதி. இடம். யார் யார். எதனால்.

எழுந்திருக்கும்போது தலைவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "இனிமே கூட்டம் ஆரம்பிக்கும்போது நாளு, கெழமை, எடம் எல்லாம் நான் வாயால சொல்றேன். பதிவுலயே இருக்கட்டும். மேல போடுறியே ஒரு வரி, அது நான் கேட்டு, சரின்னு சொன்ன அப்புறம்தான் குரூப்புக்குப் போவணும்."

அப்படியே நடந்தது. அவர் ஒரு படி மேலே போய், "இன்னைக்கு வியாழக்கெழம, ஆபீஸு, பௌர்ணமிக்கு இன்னும் அஞ்சு நாளு இருக்குது" என்று பஞ்சாங்கமே வாசிக்க ஆரம்பித்தார். பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் வரிசை ஒருமுறைகூட மாறவில்லை. நானும் வாராவாரம் பழைய பக்கத்தின்மேல் புதியதை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு வாரத்துக்கும் தனிப் பதிவு. மேல் வரியை ஒவ்வொரு முறையும் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை.

அக்கா விஷயம்தான் அதோடு முடியவில்லை. வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் என்னைச் செங்கம் ரோடு வரைக்கும் ஸ்கூட்டியில் இறக்கிவிடுவார். அன்றைக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஷேர் ஆட்டோவில் போனேன். அதற்கப்புறம் பல வாரம் இப்படித்தான். வேலை விஷயமாக மட்டும் பேச்சு. குழுவில் பக்கம் போட்டால் கட்டைவிரல் வராது. நேராக வந்து மேஜைமேல் விரலை வைத்து, "இது நடந்த தேதியா, வந்த தேதியா?" என்று கேட்பார். "நடந்த தேதிங்க்கா" என்பேன். இன்னொரு முறை விரலைக் கீழே இறக்கி, "இது?" என்பார். ஒவ்வொரு வரிக்கும். நான் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னேன். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

கார்த்திகை தீபம் வந்தது. அந்த வாரம் டவுனில் கூட்டம் போட முடியாது, கீழ்பென்னாத்தூர் குடோனில்தான் என்று தலைவர் சொல்லிவிட்டார். வழக்கம்போல அவர் போனில் பதிவாகும், வழக்கம்போல எப்போதோ வரும் என்று நினைத்துக்கொண்டு காலையில் ஷட்டரைத் தூக்கினேன். வெளியே ஹாரன். அக்கா, ஸ்கூட்டியில், காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆபீஸ் போன எடுத்துக்கோ. சார்ஜ் இருக்குதா?"

"இருக்குதுங்க்கா. ஆனா நான் கூட்டத்துக்கு..."

"தலைவர்கிட்ட சொல்லிட்டேன். பதிவ நீயே எடு. உன் கையாலயே எடுத்து, அங்கயே பேர் போட்டு வெச்சிடு. ஒன்பது நாளு எனக்குத் தாங்காது." பின் இருக்கையிலிருந்த விதைப் பையை எடுத்து முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்தார். "ஏறு. ரோட்ட மூடறதுக்குள்ள போவணும்."

ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.